ஓட்டு வீடு, மாடில கீத்துக் கொட்டாய்: இன்ஷூரன்ஸ் ஃபார்ம்ல கச்சாவா பக்காவா? (அல்சூர், பெங்களூர்)

அல்சூர் செந்தில்
எல்லாருக்கும் வணக்கம். அல்சூர்ல எங்க வீடு, முன்பக்கம் அப்பா 94ல கட்டின ஆர்.சி.சி, ஹாலும் ரெண்டு ரூமும் சேத்து உள்ளளவு 550 சதுர அடி வரும். பின்பக்கம் தாத்தா காலத்து மங்களூர் ஓடு, சமையல்கட்டும் பாட்டி ரூமும், அது ஒரு 400 சதுர அடி. இது பத்தாதுன்னு முன்பக்கத்து மொட்டை மாடில தம்பி சவுக்குக் கம்பு நட்டு கீத்துக் கொட்டாய் ஒண்ணு போட்டு வச்சிருக்கான், சாயங்காலம் அங்கதான் உக்காருவான், வீட்டு வேலையும் அங்கதான் லேப்டாப்ல.

வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாம்னு ஆன்லைன்ல போனா கட்டுமானம்னு ஒரே ஒரு கட்டம், கச்சா இல்லனா பக்கா, ரெண்டுல ஒண்ணுதான் செலக்ட் பண்ண முடியும். ஏஜென்ட் "பக்கான்னு போட்டுட்டு போங்க சார், யார் வந்து பாக்கப் போறா"ங்கறார். இன்னொரு கம்பெனிக்கு போன் போட்டா ஓடுன்னு சொன்ன உடனே "யோசிச்சு சொல்றோம்"னு வச்சிட்டாங்க. எங்க வீடு கச்சாவா பக்காவா? ஓட்டுக்கு பிரீமியம் எவ்ளோ ஏறும்?

கே.ஆர்.புரம் ரவி
தலைவா ஓடுன்னாலே கச்சாதான். கைமரம், ரீப்பர் எல்லாம் மரம் இல்லையா, தீப்பிடிச்சா மொத்தமா உள்ள விழும், அதனால எவனும் எடுக்க மாட்டான். எடுத்தாலும் பிரீமியம் டபுள். இன்னொண்ணு, நீங்க தொகைய கொஞ்சம் கம்மியா போட்டீங்கன்னா கிளைம் வரும்போது அந்த விகிதத்துல வெட்டிடுவாங்க, என் மச்சான் கடைக்கு அப்படித்தான் வெட்டினாங்க.

வெங்கட் சார் (ரிட்டயர்டு)
ரவி தம்பி சொன்னதுல தீ விஷயம் சரி, மத்தது சரியில்ல. நான் பொது இன்ஷூரன்ஸ்ல ஃபயர் டிபார்ட்மென்ட்லயே காலத்த ஓட்டினவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

கச்சான்னா என்னன்னு அவங்கவங்க மனசுக்குத் தோணறது இல்ல, எல்லா கம்பெனிக்கும் ஒரே ரேட் இருந்த பழைய ஃபயர் டாரிஃப் காலத்துலேருந்து ஒரு லிஸ்ட் இருக்கு. சுவரோ கூரையோ, ரெண்டுல ஏதாவது ஒண்ணு, மரப்பலகை, கீத்து ஓலை, புல்லு வைக்கோல், மூங்கில், பிளாஸ்டிக் துணி, தார் துணி, கேன்வாஸ், தார்பாலின், இந்த மாதிரி சாமான்ல இருந்தா அது கச்சா. இதுல சுட்ட ஓடு கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் கிடையாது, தகர ஷீட்டும் கிடையாது. அதாவது செங்கல் சுவர் வச்சு மங்களூர் ஓடு போட்ட வீடு பக்காதான், கீழ கைமரம் இருக்கறதால மட்டும் அது மாறாது. கூரையை மூடியிருக்கறது எதுங்கறதுதான் கேள்வி, தாங்கறது எதுங்கறது அடுத்தது.

ஆனா 2007க்கு அப்புறம் ரேட்ட கம்பெனிங்களே போட்டுக்கலாம்னு ஆயிடுச்சு, எந்த வீட்ட எடுக்கறது எத விடறதுன்னு ஒவ்வொருத்தரும் உள்ளுக்குள்ள தனித்தனி கணக்கு வச்சிருப்பாங்க. அதனாலதான் ஒருத்தர் ஓட்டுக்கு சரிங்கறார், இன்னொருத்தர் இழுக்கறார், அதுக்காக ஓடு கச்சா ஆயிடாது.

செந்தில், உங்க வீட்ல பிரச்னை ஓடு இல்ல. மாடில இருக்கற கீத்துதான்.

அல்சூர் செந்தில்
சார் அது நூத்தி இருபது சதுர அடி கூட இருக்காது, மேல ஒரு பந்தல் மாதிரி. அதுக்காக மொத்த வீடும் கச்சாவா?

காக்ஸ்டவுன் செல்வி
செந்தில் தம்பி பிரீமியத்த பத்தி கவலைப்படாதீங்க, அது ஒண்ணும் பெருசா வராது. எங்க வீடும் பின்பக்கம் ஓடுதான். போன மே மாசம் காத்து மழைல ரோட்டோரத்து குல்மோஹர் கிளை ஒடிஞ்சு எங்க ஓட்டு மேல விழுந்துச்சு, பாதி ராத்திரி, அம்மா பக்கத்து ரூம்ல தூங்கிட்டு இருந்தாங்க, நல்லவேளை ஒண்ணும் ஆகல. கிளைம் போட்டோம், வந்துச்சு, ஆனா கேட்டது முழுசா வரல.

நஷ்டத்த மதிப்பிட கம்பெனி அனுப்பின சர்வேயர் ஏணி போட்டு மேல ஏறினார். உடைஞ்ச ஓட்ட ஒண்ணொண்ணா கையில எடுத்து ஓரத்த திருப்பித் திருப்பி பாக்கறார். புதுசா உடைஞ்சது உள்ள செக்கச்செவேல்னு இருக்கும், ஏற்கனவே விரிஞ்சு கிடந்தது ஓரம் கறுத்து பாசி புடிச்சிருக்கும், அத தனியா ஒதுக்கி வச்சிட்டார். அப்புறம் ஸ்க்ரூடிரைவர எடுத்து கைமரம் சுவத்துல உக்கார்ற இடத்துல குத்தினார், மாவு மாதிரி கொட்டுச்சு, கரையான். அந்த ரெண்டு கைமரத்துக்கும் பைசா தர முடியாது, கரையான் மரம் விழுந்ததால வந்தது இல்லைன்னுட்டார். கிளை நேரா விழுந்து முறிச்ச கைமரத்துக்கும், புதுசா உடைஞ்ச ஓட்டுக்கும், முகட்டு ஓட்டுக்கும், ஆள் கூலிக்கும் கணக்கு போட்டார். கட்டிலு மெத்தை நனைஞ்சதும் வந்துச்சு. நாங்க இதான் சாக்குன்னு ஓட்ட எடுத்துட்டு ஆர்.சி.சி போட்டுடலாம்னு நினைச்சோம், போட்டுக்கோங்க, ஆனா ஓடு திரும்ப போட என்ன ஆகுமோ அதான் தருவோம்னு தெளிவா சொல்லிட்டார்.

வெங்கட் சார் (ரிட்டயர்டு)
செல்வி அம்மா சொன்னத நல்லா படிங்க எல்லாரும், ஓட்டு வீட்டுக்காரங்களுக்கு நடைமுறைல வர்ற சண்டை முக்கால்வாசி இதான். மரம் விழறது, வண்டி மோதறது எல்லாம் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசில இருக்கு, புயல் வெள்ளம் இருக்கு, தீ, இடி, நிலநடுக்கமும் இருக்கு. 2021 ஏப்ரல் ஒண்ணாம் தேதிலேருந்து எல்லா கம்பெனியும் ஒரே வாசகத்துல இந்த வீட்டு பாலிசிய தரணும்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிங்கள கட்டுப்படுத்தற ஐ.ஆர்.டி.ஏ.ஐ கொண்டு வந்தது. ஆனா ஓடு நகர்ந்து வருஷா வருஷம் ஒழுகறது, செல்லரிக்கறது, மரம் உளுத்துப் போறது எதுவும் இதுல வராது. அத நீங்கதான் பாத்துக்கணும்.

இப்ப செந்திலோட கேள்வி. பந்தல்தானேன்னு நீங்க பாக்கறீங்க. வீட்ட எடுக்கறதா வேணாமான்னு கம்பெனில முடிவு பண்ற அண்டர்ரைட்டர் எப்படி பாப்பாருன்னா, காஞ்ச கீத்து, சவுக்குக் கம்பு, அதுக்குள்ள தம்பி பிளக் பாயின்ட் ஒண்ணும் இழுத்திருப்பாரு லேப்டாப்புக்கு, தீபாவளிக்கு தெருவுல விடற ராக்கெட் நேரா அங்கதான் வந்து உக்காரும். கீத்து எரியறது நிமிஷக் கணக்கு. அடியில ஆர்.சி.சி தளம் இருக்கறதால கீழ ரூமுக்கு உடனே எறங்காது, ஆனா பக்கத்துல தாழ்வா ஓட்டுக் கூரை இருக்கு பாருங்க, பறக்கற நெருப்புத்துண்டு ஓட்டு சந்து வழியா ரீப்பர் மேலயும் பரண்ல போட்டு வச்ச பழைய பேப்பர் மேலயும் விழும். நீங்க வீட்ட மூணு பகுதியா பாக்கறீங்க, நெருப்புக்கு அது ஒரே வீடு. 2004ல கும்பகோணம் பள்ளிக்கூடத்துல 94 குழந்தைங்க போனது சமையல் கொட்டாய்லேருந்து மேல கீத்துக்கு தாவின நெருப்புலதான், அதுக்கப்புறம் கீத்துன்னு எழுதின ஃபார்ம எந்த அண்டர்ரைட்டரும் சாதாரணமா கைல எடுத்ததில்ல.

மொத்த வீடும் கச்சா ஆகுமா ஆகாதான்னு கேட்டா, ரெண்டு விதமா வாதாடலாம். வாசகத்துல "சுவரோ கூரையோ உள்ள கட்டடம்"னு இருக்கு, உங்க கட்டடத்தோட கூரை ஆர்.சி.சியும் ஓடும்தான், பந்தல் கட்டடமே இல்லைன்னு நான் உங்க பக்கம் வாதாடுவேன். கம்பெனி வக்கீல் அதுவும் கூரைதான்ங்கறான், நீங்க சொல்லாம மறைச்சீங்கன்னு சேத்துக்குவான். எரிஞ்சதுக்கு அப்புறம் இந்த வாதத்துல எறங்கறத விட முன்னாடியே எழுதிக் கேட்டுடறது நல்லது.

மைசூர் ரோடு மணி
எனக்கு சொந்த ஊர் பக்கம் கூரை வீடு, பாட்டி இருக்காங்க, அதுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கறாங்க, பயமா இருக்கு.

கே.ஆர்.புரம் ரவி
மணி நீங்க வேற, இங்க பெங்களூர் வீட்ட பத்தி ஓடுது. கூரை வீட்டுக்கு கவர்மென்ட் நிவாரணம்தான், தாசில்தார் ஆபீஸ்.

வெங்கட் சார் (ரிட்டயர்டு)
கேக்கட்டும் விடுங்க ரவி. மணி, முழுக்க கீத்துக் கூரைன்னா தனியாளா ஆன்லைன்ல போனா பெரும்பாலும் கிடைக்காது. கிளைல நேர்ல போய் போட்டோவோட கேளுங்க, எடுத்தா ரேட் கூடத்தான் இருக்கும், சில இடத்துல முடியாதும்பாங்க. இங்கிலாந்துல வைக்கோல் கூரை வீட்டுக்குன்னே தனியா பாலிசி போடற ஆளுங்க இருக்காங்க, சிம்னிய ஒழுங்கா சுத்தம் பண்ணணும்னு கண்டிஷன் வைப்பாங்க. நம்ம ஊர்ல அந்த மாதிரி ஒரு சந்தை உருவாகல. அடுப்ப கூரைக்கு வெளிய ஓட்டு சார்ப்புக்கு மாத்துங்க முதல்ல.

அல்சூர் செந்தில்
சார் அப்ப கணக்கு எப்படி போடறது, ஏஜென்ட் மொத்தமா 40 லட்சம்னு எழுதி வச்சிருக்கார், மனை விலையெல்லாம் சேத்து போட்டிருப்பார்னு நினைக்கறேன். அல்சூர்ல மனை விலை எங்க நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

வெங்கட் சார் (ரிட்டயர்டு)
மனை எரியாது, காத்துல பறக்காது, அத விட்டுடுங்க. இந்த பாலிசில கட்டடத் தொகைங்கறது உள்ளளவு பரப்ப இன்னிக்கு கட்டற செலவால பெருக்கறது, அவ்ளோதான். உங்க வீட்டுக்கு ரெண்டு ரேட் வரணும், ஏன்னா ஓட்டுப் பகுதிய திரும்ப கட்ட ஆர்.சி.சி அளவுக்கு ஆகாது.

ஒரு பேச்சுக்கு சொல்றேன், உங்க மேஸ்திரிகிட்ட கேட்டு மாத்திக்கோங்க. ஆர்.சி.சி 550 அடிய 2,200ன்னு வச்சா 12 லட்சத்து 10 ஆயிரம். ஓட்டுப் பகுதி 400 அடி 1,500ன்னு வச்சா 6 லட்சம். ஆக 18 லட்சத்து 10 ஆயிரம். வீட்டு சாமானுக்கு இதுல 20 சதவீதம் தானா சேரும், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும், உங்களுக்கு 3 லட்சத்து 62 ஆயிரம் வரும். ரெண்டும் சேந்து 21 லட்சத்து 72 ஆயிரம். ஆயிரத்துக்கு 40 பைசான்னு ஒரு ரேட் வச்சீங்கன்னா 869 ரூபா, ஜி.எஸ்.டி 18 சதவீதம் போட்டா 1,025 சொச்சம். ஒரு வருஷத்துக்கு!

ஓட்டுக்காக ரேட்ட அவன் டபுளே பண்ணட்டும், ரெண்டாயிரத்த கொஞ்சம் தாண்டும். ரவி பயமுறுத்தின டபுள் இவ்ளோதான். அந்த ஆயிரத்த மிச்சம் பண்ண முழுசும் ஆர்.சி.சின்னு எழுதினா, பின்னாடி ஓடு எரிஞ்சா 6 லட்சத்துக்கே தகராறு.

அப்புறம் ரவி சொன்ன அந்த விகிதத்துல வெட்டறது, மச்சான் கடைக்கு நடந்திருக்கும், கடை பாலிசி வேற. இந்த வீட்டு பாலிசில குறைவா இன்ஷூர் பண்ணினதுக்காக வெட்டறது கிடையாது, போட்ட தொகை வரைக்கும் நஷ்டத்துக்கு ஏத்தாப்ல தருவாங்க. ஆனா பரப்பையும் கட்டுமானத்தையும் தப்பா எழுதறது வேற கதை.

கே.ஆர்.புரம் ரவி
ஓகே சார். இருந்தாலும் மரம் இருந்தா கச்சான்னுதான் எனக்கு பாலிசி பஜார் மாதிரி ஆளுங்க போன்ல சொன்னாங்க, எங்கேயோ மரம்னு வருதுல்ல அந்த லிஸ்ட்ல.

வெங்கட் சார் (ரிட்டயர்டு)
வருது, "மரப்பலகை"ன்னு. பலகையே கூரையா இருந்தா, பலகையே சுவரா இருந்தா. மலைப் பக்கம் அந்த மாதிரி வீடு உண்டு. கைமரத்த பலகைன்னு படிக்க முடியாது.

ஃப்ரேசர் டவுன் ஜோசப்
அப்ப எங்க வீட்டுக்கு என்ன சொல்வீங்க அங்கிள்? பழைய பங்களா, கைமரத்து மேல முழுசா தேக்குப் பலகை அடிச்சு அதுக்கு மேல மங்களூர் ஓடு. உள்ளேருந்து பாத்தா பலகைதான் தெரியும். இன்னொரு பக்கம் மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்திரத்து மேல செங்கல்லு குத்தி சுண்ணாம்பு போட்டது. ஒரு கம்பெனி மெயில்ல பக்கான்னு சொல்லிட்டாங்க, இன்னொரு கம்பெனி பலகை இருக்குன்னு கச்சான்னுட்டாங்க. ரெண்டு மெயிலும் என்கிட்ட இருக்கு.

வெங்கட் சார் (ரிட்டயர்டு)
மெட்ராஸ் டெரஸ் சந்தேகமே இல்ல, பக்கா. பலகைக்கு மேல ஓடு... என் பார்வைல வெளிக்கூரை ஓடு, பலகை உள்சீலிங், அதனால பக்கா. ஆனா தீ ஆபத்துன்னு பாத்தா வெறும் ரீப்பர விட அதுல எரியற சாமான் கூடத்தான், அத மறுக்க மாட்டேன். பக்கான்னு எழுதிக் கொடுத்தவங்ககிட்டயே எடுங்க, அந்த மெயில பிரின்ட் எடுத்து பாலிசியோட வைங்க.

காக்ஸ்டவுன் செல்வி
ஒரு விஷயம் யாரும் சொல்லல. சொத்து வரி ரசீத பாத்தீங்களா செந்தில்? அதுலயும் கட்டட வகை இருக்கு, ஆர்.சி.சி, மெட்ராஸ் டெரஸ் ஒரு வகை, ஓடு ஷீட்டு வேற வகை, வரி கம்மி. நிறைய பேர் வரிக்கு மொத்தத்தையும் ஓடுன்னு காட்டி கம்மியா கட்டறாங்க, இன்ஷூரன்ஸ்ல மட்டும் முழுசும் ஆர்.சி.சிங்கறாங்க. எங்க சர்வேயர் முதல்ல கேட்டதே வரி ரசீதுதான்!

அல்சூர் செந்தில்
அக்கா இப்ப எடுத்து பாத்தேன், முன்பக்கம் ஆர்.சி.சி பின்பக்கம் ஓடுன்னு தனித்தனியாத்தான் இருக்கு, அப்பாவுக்கு கோயில் கட்டணும்.

தம்பி கீத்த எடுத்துடறேன்ட்டான், ஆனா வெயிலுக்கு பதிலா பச்சை வலை இல்லனா தார்பாலின் கட்டிக்கறேன்ங்கறான்.

வெங்கட் சார் (ரிட்டயர்டு)
தார்பாலின் பேரச் சொல்லி லிஸ்ட்ல இருக்கு! வலையும் பிளாஸ்டிக் துணிதான்னு ஒருத்தன் படிப்பான். இரும்பு பைப் நட்டு தகர ஷீட்ட போல்ட் போட்டு முறுக்கச் சொல்லுங்க, கல்ல தூக்கி வைக்கற ஷீட்டு ஏப்ரல் காத்துல பக்கத்து வீட்டு கார் மேலதான் போய் எறங்கும். அத கட்டினதும் கம்பெனிக்கு எழுத்துல சொல்லணும், வீட்ல புதுசா சேத்தாலோ மாத்தினாலோ தெரியப்படுத்தணும்னு பாலிசி கண்டிஷன்லயே இருக்கு.

இப்ப ஆன்லைன் கட்டத்துல என்ன போடறதுன்னா, ஆன்லைன்ல போடாதீங்க. கிளைக்கு மெயில் போடுங்க: முன்பகுதி இவ்ளோ பரப்பு ஆர்.சி.சி, பின்பகுதி இவ்ளோ செங்கல் சுவர் மேல மங்களூர் ஓடு, மாடில இரும்பு பைப்ல தகர ஷீட்டு, நாலு பக்கமும் எடுத்த போட்டோ, வரி ரசீது. சரின்னு பதில் வந்ததுக்கு அப்புறம் பணம் கட்டுங்க. பாலிசி வந்த உடனே ஷெட்யூல்ல கட்டுமானம்ங்கற வரிய பாருங்க, ரெண்டு பகுதியும் தனித்தனியா வந்திருக்கணும், மொத்தமா ஆர்.சி.சின்னு அடிச்சிருந்தா திருத்தி எண்டார்ஸ்மென்ட் வாங்குங்க. பேங்க் லோனோட வர்ற பாலிசிலதான் இது அதிகம், பேங்க்காரர் வீட்டயே பாத்திருக்க மாட்டார், எல்லாருக்கும் ஆர்.சி.சின்னு அடிச்சுடுவார்.

மைசூர் ரோடு மணி
எங்க ஏரியால குரங்கு ஓட்ட பேத்து பேத்து போடுது சார், அதுக்கு கிளைம் கிடைக்குமா?

காக்ஸ்டவுன் செல்வி
மணி 😀 சர்வேயர் வந்தா குரங்கையும் கூட்டிட்டு வந்து நிறுத்துங்க.

வெங்கட் சார் (ரிட்டயர்டு)
சிரிக்காதீங்க, வெளியேருந்து ஒரு பொருள் மோதினா கவர்னு இருக்கு, குரங்கு மோதல, பேக்குது. நான் சர்வீஸ்ல இருந்தவரைக்கும் அப்படி ஒரு கிளைம் பாஸ் ஆகி பாக்கல. முகட்டு ஓட்ட சிமென்ட் வச்சு பூசிடுங்க, அங்கதான் அது முதல்ல கை வைக்கும்.

அல்சூர் செந்தில்
அப்டேட்: ரெண்டு கம்பெனிக்கு வெங்கட் சார் சொன்ன மாதிரியே மெயில் போட்டேன். ஒருத்தர் ஓட்டுப் பகுதி எத்தனை வருஷப் பழசு, வயரிங் எப்ப மாத்தினதுன்னு கேட்டு பதில் போட்டிருக்காங்க, கைமரம் போட்டோ உள்ளேருந்து எடுத்து அனுப்பச் சொல்றாங்க. இன்னொருத்தர் ஓட்டுப் பகுதிய விட்டுட்டு முன்பக்கம் மட்டும் எடுக்கறோம்ங்கறாங்க. அப்படி பாதி வீட்டுக்கு மட்டும் எடுத்தா, சமையல்கட்டுலேருந்து நெருப்பு முன்பக்கம் வந்தா கிளைம் தருவாங்களா?

வெங்கட் சார் (ரிட்டயர்டு)
முன்பக்கத்துக்கு ஆன நஷ்டத்துக்கு தரணும், நெருப்பு எங்கேருந்து வந்தாலும். ஆனா சாமான் தகராறு வரும், ஃபிரிட்ஜ் சமையல்கட்டுல இருக்கு, அந்தப் பகுதி பாலிசிலயே இல்லைம்பான். முதல் கம்பெனிக்கு போட்டோவ அனுப்புங்க, வயரிங் கேக்கறான்னா எடுக்கற எண்ணத்துலதான் இருக்கான். பாட்டி ரூம்ல பழைய துணி சுத்தின வயர் இருந்தா போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியன கூப்பிட்டு மாத்திடுங்க.

ஃப்ரேசர் டவுன் ஜோசப்
செந்தில், பதில் வந்ததும் இங்க போடுங்க ப்ளீஸ், பலகை அடிச்ச வீட்டுக்கும் அதே கிளைலதான் நானும் கேட்டிருக்கேன்.